கடைசிப் பக்கத்தில் இல்லாத ஊர்கள்

மலாக்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு டாக்டராக நான் சேர்ந்தபோது நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவுக்குப் புதிய தலைவராக வந்தவர் உள்ளூர்க்காரர், லண்டனில் மேல்படிப்பு முடித்தவர். தமிழர்தான். ஆனால் வார்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். வந்த இரண்டாம் மாதமே என்னைக் கூப்பிட்டு, பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றி லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்றார். அதுவரை உலகில் எழுதப்பட்டதையெல்லாம் படித்து, எது நிற்கிறது, எது நிற்காது என்று தொகுத்துச் சொல்லும் கட்டுரை. முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மகள் நான். லண்டன் பத்திரிகையில் என் பெயர் வரப்போகிறது என்றதும் அன்று சோறு இறங்கவில்லை.

காஜா பெராங்கில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் நில அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை மத்தியானங்களில் அலுவலகத்து டைப்ரைட்டரை இரவல் வாங்கி வந்து என் கட்டுரையை அடித்துக் கொடுப்பார். கடைசிப் பக்கம் முழுக்க ஆதாரப் பட்டியல். எந்தக் கட்டுரை, எந்தப் பத்திரிகை, எந்த ஊரில் வெளியானது என்று வரிவரியாக அடித்துக்கொண்டே வந்தவர் விரலை நிறுத்தினார்.

"லண்டன், லண்டன், எடின்பரோ, பாஸ்டன், மறுபடி லண்டன். நம்ம பக்கத்து ஊர் ஒண்ணாச்சும் இருந்தா ஸ்பெல்லிங் பாக்காம அடிச்சிருவேன் லா."

"இங்க யாரு ஆராய்ச்சி பண்றா? நீங்க அடிங்க."

சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். அந்தப் பதிலில் எனக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை.

கட்டுரையின் சாரம் தெளிவாக இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் வரும் மஞ்சள் தானாக மறைந்துவிடும். ஆபத்தானது முக்கியமாக ஒன்றுதான். தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களை எதிர்த்து அழிக்கும். மஞ்சள் ஏறி மூளைவரை போய்விடும். அப்போது குழந்தையின் ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் செலுத்தி மாற்ற வேண்டும். நான் படித்த கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே இதையே சுற்றி வந்தன. ஆகவே தாய் பாசிட்டிவ் என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று எழுதினேன். தலைவர் படித்துவிட்டு, "நன்றாக வந்திருக்கிறது டாக்டர்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

அந்த வாரம்தான் தெங்கேராவிலிருந்து ஒரு சீனக் குழந்தை வந்தது. ஆண் குழந்தை, முதல் பிரசவம், வீட்டில் பிறந்தது. பிறந்து மூன்று நாள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது. தாயின் ரத்தத்தைப் பார்த்தோம். பாசிட்டிவ். நான் எழுதியதையே நான் நம்பினேன். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

எங்கள் வார்டு சிஸ்டர், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி சமூகத்துப் பெண். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் குடியிருப்பான கம்பத்தில் இருந்தாள். நெற்றியில் விபூதி வைப்பாள், கோயிலுக்குப் போவாள், ஆனால் அவள் பேச்சு மலாய்தான். குழந்தையின் துணியை மாற்றிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள்.

"டாக்டர், பாஜு இனி பாவ் உபாட் கெகாட்."

துணியில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது என்கிறாள். பெட்டியில் வைத்திருந்த துணியாக இருக்கும் என்று நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை குழந்தை பால் குடிக்கவில்லை. மத்தியானம் முதுகு வில்லாக வளைந்து, கீச்சென்று ஒரு அழுகை அழுதது. அந்த அழுகையை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தலைவரும் நானும் ரத்தத்தை மாற்றினோம். உயிர் தங்கியது. மூளையில் மஞ்சள் செய்த கேடு மட்டும் இனித் தீராது.

குழந்தையின் அப்பா தெங்கேராவில் ஒரு சீனப் பள்ளியில் வாத்தியார். சட்டைப் பையில் பேனா செருகிய, ஒல்லியான மனிதர். "ஏன் இப்படி ஆனது?" என்று மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார். "தெரியவில்லை" என்றேன். அது உண்மை. ஆனால் அந்த உண்மை என்னை உட்காரவிடவில்லை. வீட்டுக்குப் போனால் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் அடுத்த கட்டிலுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் வார்டின் சேர்க்கைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "இது மாதிரி முன்னாடியும் வந்திருக்கு டாக்டர். முந்தைய வெள்ளைக்கார துவான் டாக்டர் இருக்கும்போதே. எல்லாருக்கும் அம்மா ரத்தம் பாசிட்டிவ்" என்று மலாயில் சொன்னாள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மஞ்சள் முற்றி மூளையைத் தொட்ட குழந்தைகளில் ஆர்.எச். காரணம் என்று எழுதியிருந்தது அரிது. மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் ஆர்.எச். நெகட்டிவ் தாய்மாரே அரிது என்பது எனக்குப் பாடத்தில் தெரிந்த விஷயம். அப்படியிருக்க இந்த வார்டில் இத்தனை குழந்தைகள் எதனால் மஞ்சளானார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வேறு நாட்டுக் குழந்தைகளுக்கு வரும் நோயை மனப்பாடம் செய்து, அதை எங்கள் வார்டின் நோய் என்று எழுதியிருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் நான் படித்தபோது கல்லூரிக் கூட்டமொன்றில் உள்ளூர் டாக்டர் ஒருவர் இதைப் பற்றியே பேசினார். ஆர்.எச். பேதமில்லாமல் நம் குழந்தைகளுக்கு ஏன் கடுமையான மஞ்சள் வருகிறது என்று. நான் பின்வரிசையில் உட்கார்ந்து வேறு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு என் நினைவுக்கே வரவில்லை. உள்ளூர்க்காரர் பேசியது ஆதாரமாகும் என்று என் மனம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் பசியாறிக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூருக்கா? இப்பவா? கட்டுரைதான் முடிஞ்சிருச்சே."

"முடியல. தப்பா முடிஞ்சிருக்கு."

"சரி, மொதல்ல பசியாறிட்டுப் போ லா. பஸ் எங்கயும் ஓடிடாது."

கல்லூரி நூலகத்தில் லண்டன் பத்திரிகைகள் தோல் அட்டை போட்டுக் கண் மட்டத்தில் நின்றன. நம் பகுதிப் பத்திரிகைகள் கீழ்த்தட்டில், கயிறு கட்டிக் கிடந்தன. தரையில் உட்கார்ந்து பிரித்தேன். சிலவற்றில் பக்கங்களின் மடிப்புகூட வெட்டப்படவில்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். நூலகரிடம் கத்தி கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாக வெட்டினேன்.

இருந்தது. சிவப்பணுவைக் காக்கும் ஒரு என்சைம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. தாய்வழியாக வருவது, ஆண் குழந்தைகளையே அதிகம் தாக்குவது. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பாச்சை உருண்டையின் ஆவி பட்டால் போதும், சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் தாறுமாறாக ஏறும். சில நாட்டு மருந்துகள்மீதும் சந்தேகம் இருந்தது. ஒன்றும் படாமலே சிலருக்கு ஏறுவதும் உண்டு. படிக்கப் படிக்க அந்தத் துணியின் வாசம் மூக்கில் வந்து நின்றது.

இவை ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று யோசித்தேன். நான் தேடியது மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஒரு தடித்த தொகுதியில். பணக்கார நாடு ஒன்றில் தயாராவது அது. எந்தெந்தப் பத்திரிகைகளைச் சேர்ப்பது என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். எங்கள் பத்திரிகைகளில் அநேகம் அதில் இல்லை. பிறகு ஒரு கட்டுரையின் ஆதாரப் பட்டியலைப் பிடித்து அடுத்ததற்குப் போனேன். லண்டன்காரர் பாஸ்டன்காரரைக் காட்டுவார், அவர் திரும்ப லண்டனைக் காட்டுவார். எத்தனை சுற்றினாலும் அந்த வட்டத்துக்குள்தான். வெளியே இருந்த கட்டுரையை யாரும் காட்டாததால் யாரும் படிக்கவில்லை. யாரும் படிக்காததால் யாரும் காட்டவில்லை.

சிங்கப்பூர்க் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்கள் வேறு ஊர்களைக் காட்டின. ஹாங்காங், பாங்காக், மணிலா, தைவான். ஊருக்குத் திரும்பியதும் அங்கெல்லாம் கடிதம் எழுதினேன். கட்டுரையின் பிரதி இருந்தால் அனுப்புங்கள், வெளியிடாத ஆஸ்பத்திரி அறிக்கை இருந்தாலும் அனுப்புங்கள் என்று. கணவர் அடித்துக் கொடுத்து, அலுவலகம் போகும் வழியில் தபாலில் போட்டார். பிறகு காத்திருப்பு. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மாடிப்படியில் இறங்கி ஓடுவேன். மின்சாரப் பில்லாக இருக்கும். லண்டனுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய நாளைத் தலைவர் இரண்டு முறை நினைவூட்டினார். ஒரு சின்ன விஷயத்தைச் சரிபார்க்கிறேன் என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன்.

பதில்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. அதில் ஒன்று தைவானிலிருந்து, முழுக்கச் சீன எழுத்தில். பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. படிக்கத் தெரியாததால் ஒதுக்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எல்லோரும் அப்படித்தானே ஒதுக்கியிருப்பார்கள் என்று அடுத்த கணம் தோன்றியது. எனக்குத் தெரிந்த சீன வாத்தியார் ஒரே ஒருவர்தான்.

அவர் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் நாளில் மெல்லக் கேட்டேன். காகிதத்தை வாங்கித் தலைப்பைப் படித்தார். முகம் மாறியது.

"இது என் மகனுக்கு வந்த நோய்."

"ஆமாம்."

"இதில் காரணம் எழுதியிருக்கிறதா?"

அங்கேயே சொல்லிவிட்டேன். துணியில் வந்த வாசத்தை, சிஸ்டர் சொன்னதை, நான் கடந்து போனதை, நாளைக்குப் பார்க்கலாம் என்றதை. அவர் மடியில் குழந்தை விறைத்த கையைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் துணிகளை என் மனைவி ஆறு மாதமாகப் பெட்டியில் அடுக்கி வைத்தாள்" என்றார். "அவளிடம் இதைச் சொல்வது என் வேலை. நீங்கள் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து மலாயில் சொல்வார். மருத்துவச் சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவார், நான் பொருளை விளக்குவேன், அவர் திருத்திக்கொள்வார். என் கணவர் தட்டில் பிஸ்கெட் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தக் கட்டுரை பலவீனமானது என்று முடிவில் தெரிந்தது. குழந்தைகள் சிலர்தான், எல்லோருக்கும் ரத்த வகையும் பார்க்கவில்லை. வாத்தியாரிடம் அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அப்படியானால் பலவீனம் என்றே எழுதுங்கள்" என்றார். "படித்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள்."

அதிலிருந்து ஒரு அளவுகோல் வகுத்துக்கொண்டேன். எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்கள், தாய் சேய் இருவர் ரத்தமும் பார்த்தார்களா, மஞ்சளின் அளவை எப்படி அளந்தார்கள், குழந்தைகளைப் பிறகு தொடர்ந்து பார்த்தார்களா. இதே கேள்விகளை லண்டன் கட்டுரைகளிடமும் கேட்டேன். நான் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டிய ஒரு லண்டன் கட்டுரை இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கட்டுரை ஒன்று எல்லாவற்றுக்கும் சொன்னது. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டேன். எங்கெங்கே தேடினேன், எந்த மொழிகளைப் படிக்க முடிந்தது, எவற்றைப் பெற முடியவில்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

தலைவர் புதிய பிரதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்.

"இந்தப் பத்திரிகைகளை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?"

"நாம் கேள்விப்பட்டிருக்க வேண்டும் சார்."

"ஆசிரியர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் தெரியுமா? நல்ல பத்திரிகைகள் எட்டாததால் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள் என்று. நான் அங்கே படித்தவன் டாக்டர். அங்கே நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்."

"அட்டவணையைப் பாருங்கள் சார். எல்லோருக்கும் ஒரே கேள்விகள்."

"இதில் என் பெயரும் இருக்கிறது." பிரதியை மூடி மேஜைமேல் வைத்தார். நிரந்தரப் பதவிக்கான உத்தரவு அவருக்கு இன்னும் வரவில்லை. மேலே இருந்த குழுவில் வெள்ளைக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். அவர் பயம் கோழைத்தனம் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

"அந்தத் தெங்கேராக் குழந்தை என் பழைய கட்டுரைப்படிதான் சார் கெட்டது" என்றேன்.

அவர் அட்டவணைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்தார். இரண்டு இடங்களில் என் கணிப்பு தவறு, சரியாகத்தான் திருத்தியிருந்தார். "அனுப்புங்கள்" என்றார்.

லண்டனிலிருந்து பதில் வர மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கட்டுரையை மதிப்பிட்ட நடுவர் ஒருவரின் குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பிரதேச ஆதாரங்கள் எங்கள் வாசகர்களுக்குக் கிடைக்காதவை. விஷயம் உள்ளூர் ஆர்வத்துக்குரியது. அந்தப் பகுதியை ஒரு பத்தியாகச் சுருக்கி, அட்டவணையை நீக்கினால் வெளியிடலாம். வீட்டுப் படியில் நின்று படித்தேன். பிறகு நடந்தேன். புக்கிட் பாரு பக்கம் போகும் சாலையில் எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. வியர்வையில் கடிதம் நைந்துபோனது. எங்களுக்கு எட்டாத அவர்கள் பத்திரிகைகளைப் பஸ் ஏறிப் போய்ப் படித்தோமே, எங்களுடையது அவர்களுக்குக் கிடைக்காது என்றால் அது எங்கள் குறையா? ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆங்கிலச் சுருக்கம் எழுதி அனுப்புகிறேன் என்று பதில் எழுதினோம். நன்றி, ஆனால் முடிவில் மாற்றமில்லை என்றார்கள்.

தலைவர் நேரடியாகவே கேட்டார். "ஒரு பத்தியாவது உலகம் படிக்கும். அது போதாதா?"

"அவர்கள் ஒரு பத்தியாகச் சுருக்கச் சொல்வதுதான் சார் நம் வார்டு."

கடைசியில் இப்படி முடிந்தது. சுருக்கிய கட்டுரை அவர் பெயரில் லண்டனில் வந்தது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். முழுக் கட்டுரையும் அட்டவணையும் என் பெயரில் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் வந்தன. அதில் நன்றி சொன்ன வரியில் மொழிபெயர்த்த வாத்தியாரையும் சிஸ்டரையும் குறிப்பிட்டேன். அச்சுக்கு முன் தலைவர் என் பிழைதிருத்தப் பிரதியைத் தானே கேட்டு வாங்கிப் படித்தார். அவருடைய ஒரு பத்தியைப் பிற்பாடு வெளிநாட்டார் பலர் மேற்கோள் காட்டினார்கள். என் கட்டுரையை அவர்கள் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன. ரங்கூன், ஜகார்த்தா, கொழும்பு, பெயர்கூடத் தெரியாத தோட்டத்து ஆஸ்பத்திரிகள். என் கணவர் ஸ்பெல்லிங் பார்க்காமல் முகவரி அடித்தார்.

வார்டில் வேறொன்று நடந்தது. எந்தக் குழந்தையின் துணியையும் வெளுத்து வெயிலில் காயப்போட்ட பிறகே போட வேண்டும் என்று சிஸ்டர் விதி வைத்தாள். பிரசவத்துக்கு வரும் தாய்மாரிடம் மூன்று மொழிகளிலும் அவளே சொன்னாள். தமிழில் "உருண்டை வேணாம்" என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், அதுவே போதுமாக இருந்தது. தாய் பாசிட்டிவ் என்பதால் எந்தக் குழந்தையையும் நாங்கள் காக்க வைக்கவில்லை. மஞ்சளின் அளவைப் பார்த்தே முடிவு செய்தோம்.

இரண்டு வருடம் கழித்து வாத்தியாரின் மனைவி மறுபடி பிரசவத்துக்கு வந்தாள், இம்முறை ஆஸ்பத்திரியிலேயே. மூத்தவன் அப்பா தோளில் இருந்தான். காது சரியாகக் கேட்காது, கழுத்து இன்னும் நிற்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எதிர்கொள்ள எனக்கு ஒவ்வொரு தடவையும் தைரியம் தேவைப்பட்டது. இரண்டாவதும் ஆண். என்சைமைப் பார்க்கும் பரிசோதனை அப்போது எங்களிடம் இல்லை. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வரலாம் என்பது மட்டும் தெரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் சாயந்திரம் அளவு ஏறத் தொடங்கியது. நான் தலைவர் அறைக்கு ஓடினேன். வாசலிலேயே எதிரில் வந்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"ரத்தம் தயாரா?"

"தயார் சார்."

தாய் நெகட்டிவா பாசிட்டிவா என்று அவர் கேட்கவில்லை. உட்கார்ந்து, ஊசிக்குழாயால் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் செலுத்தி, மறுபடி எடுத்து, இரண்டு மணி நேரம் நிமிராமல் மாற்றினார். நான் எடுத்ததையும் கொடுத்ததையும் சொல்லச் சொல்ல சிஸ்டர் குறித்தாள். முடிந்தபோது அவர் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குழந்தை வாய் நிறையப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் வாத்தியார் மூத்தவனை மடியில் சாய்த்து, கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.